மடலுறையின் பெயரும் மடலின் பெயரும்

மின்னஞ்சல் ஒன்று வந்து சேரும்போது அதைப் பெறும் வழங்கி, மடலில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்ப்பதற்கு முன்பே, யார் பெயரில் வந்திருக்கிறது என்பதைச் சோதிக்கிறது. அந்தப் பெயருக்குரிய ஆள்களத்தின் சொந்தக்காரர் பொதுவில் எழுதிவைத்திருக்கும் மூன்று பதிவுகளைத் தேடிப் படிக்கிறது. எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்பன அவற்றின் பெயர்கள். மூன்றும் டிஎன்எஸ் எனப்படும் பெயர்ப் பதிவேட்டில் இருக்கும் சாதாரண எழுத்து வரிகள். எவரும் படிக்கலாம், ஆள்களத்தின் சொந்தக்காரர் மட்டுமே மாற்றலாம். இவற்றைப் படித்து முடிக்க ஒரு நொடிகூடத் தேவையில்லை. மடல் பெட்டிக்குள் போகிறதா, ஸ்பாம் பகுதிக்குத் தள்ளப்படுகிறதா, வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறதா என்பது பெரும்பாலும் அந்த நொடிக்குள் முடிவாகிவிடுகிறது.

இப்படியொரு சோதனை தேவைப்பட்டதற்கு, மின்னஞ்சலின் அடிப்படை விதிகள் எழுதப்பட்ட காலமே காரணம். ஜோன் பொஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி விதித்தொகுப்பு 1982 ஓகஸ்டில் வெளியானது. அப்போது வலையமைப்பில் இருந்தவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுகூடங்களுமே. ஒரு கணினி இன்னொரு கணினியிடம் ‘இது இன்னாரிடமிருந்து வரும் மடல்’ என்று சொன்னால் அதை அப்படியே ஏற்பதுதான் விதி. சொல்வது உண்மையா என்று கேட்க அதில் இடமே வைக்கப்படவில்லை. இன்றும் உலகின் மின்னஞ்சல் அந்த உரையாடலின் மேல்தான் ஓடுகிறது. மூன்று பதிவுகளும் பிற்காலத்தில் வெளியிலிருந்து பொருத்தப்பட்டவை.

மின்னஞ்சலில் அனுப்புநர் பெயர் இரண்டு இடங்களில் எழுதப்படுகிறது என்பது பலருக்குத் தெரியாது. தபாலில் உறைமேல் ஒரு பெயர் இருக்கும், உள்ளே கடிதத் தாளின் தலைப்பில் ஒரு பெயர் இருக்கும். தபால்காரர் பார்ப்பது உறையை, வாசிப்பவர் பார்ப்பது தாளை. மின்னஞ்சலிலும் வழங்கிகள் தங்களுக்குள் பேசும்போது சொல்லிக்கொள்வது உறைப் பெயர். திரையில் ‘From’ என்று தெரிவது மடலுக்குள் இருக்கும் பெயர். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் 1982 விதியில் இல்லை. மோசடிக்காரரின் வேலை முழுவதும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது. மூன்று பதிவுகளின் வரலாறும் அதை அடைப்பதற்கான முயற்சிதான்.

கொழும்பில் நாள்தோறும் நடக்கும் ஒரு வணிகப் பரிமாற்றத்தை மாதிரியாக வைத்துக்கொண்டால் இது தெளிவாகும். வெள்ளவத்தை காலி வீதியிலுள்ள ஒரு புடவைக் கடை இந்தியாவிலிருந்து சரக்கு இறக்குகிறது. துறைமுகத்தில் அதை விடுவித்துக் கொடுப்பவர் கொட்டாஞ்சேனையிலுள்ள ஒரு கிளியரிங் ஏஜென்ட். சுங்க வரி, துறைமுகக் கட்டணம், தன் கூலி எல்லாவற்றையும் சேர்த்து அவர் இன்வொய்ஸ் அனுப்புவார்; கடைக்காரர் அதிலுள்ள வங்கிக் கணக்குக்குப் பணம் போடுவார். ஏஜென்டின் ஆள்களத்தை `example.com` என்றும், கடையினுடையதை `example.net` என்றும் கொள்வோம். இவை எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட பெயர்கள். கீழே வரும் ஐபி எண்களும் அப்படியே. உண்மையான மடல் வரும்போது இரண்டு வழங்கிகளும் பேசிக்கொள்வது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
MAIL FROM:<accounts@example.com>
RCPT TO:<shop@example.net>
DATA
From: accounts@example.com
To: shop@example.net
Subject: Invoice 1187
```

முதல் வரியில் இருப்பது உறைப் பெயர். `DATA` என்பதற்குக் கீழே வருவது மடல். கடைக்காரரின் கண்ணுக்கு எட்டுவது அந்த இரண்டாவது பெயர் மட்டுமே.

சோதனைகளில் முதலில் வருவது எஸ்பிஎஃப். 2006இல் சோதனை நிலை விதியாக வெளியாகி, 2014இல் முறையான தரமாகத் திருத்தி எழுதப்பட்டது. ‘என் பெயரில் மடல் அனுப்ப உரிமையுள்ள கணினிகள் இவை’ என்று ஆள்களத்தின் சொந்தக்காரர் அறிவிக்கும் பட்டியல் இது:

```
example.com. TXT "v=spf1 ip4:192.0.2.25 include:_spf.google.com -all"
```

192.0.2.25 என்ற எண்ணிலுள்ள வழங்கி அனுப்பலாம். கூகுள் தன் வழங்கிகளென்று பட்டியலிட்டிருப்பவை அனுப்பலாம். மற்ற எவையும் கூடாது என்பது இதன் பொருள். கடைசியிலுள்ள `-all` என்பதில் அந்தச் சிறு கோடு முக்கியம். அதற்குப் பதிலாக `~all` என்று இருந்தால், ‘மற்றவை பெரும்பாலும் என்னுடையவை அல்ல’ என்ற அளவில் அறிவிப்பு மென்மையாகிவிடும். பெறும் வழங்கி, தன்னோடு பேசிக்கொண்டிருக்கும் கணினியின் ஐபி எண்ணை எடுத்து இந்தப் பட்டியலோடு ஒப்பிடுகிறது. ஐபி எண்ணைப் பொய்யாகச் சொல்லி ஓர் உரையாடலை நடத்தி முடிப்பது மிகக் கடினம் என்பதால் ஒப்பீட்டுக்கு அது நல்ல அடிப்படை.

எஸ்பிஎஃப் உடைவது பெரும்பாலும் மோசடியால் அல்ல, கவனக்குறைவால். ஒரு ஆள்களத்துக்கு ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். புதிதாக ஒரு சேவையை வாங்கியவர், அந்த நிறுவனம் கொடுத்த வரியைப் பழைய வரிக்குப் பக்கத்தில் இரண்டாவதாகச் சேர்த்துவிட்டால், இரண்டும் சேர்ந்து செல்லாமல் போகும். இன்னொன்று, பத்து என்ற எல்லை. `include` போன்ற ஒவ்வொரு குறிப்பும் பெறும் வழங்கியை இன்னொரு டிஎன்எஸ் தேடலுக்கு அனுப்புகிறது. அந்தத் தேடல்கள் பத்தைத் தாண்டினால் விதிப்படி சோதனை நிரந்தரப் பிழையாக முடியும். மடல் சேவை ஒன்று, கணக்கியல் மென்பொருள் ஒன்று, விளம்பர மடல் சேவை ஒன்று என்று சேர்த்துக்கொண்டே போகும் சிறு நிறுவனங்கள் தெரியாமலே இந்த எல்லையைக் கடந்துவிடுகின்றன. அதுவரை போய்ச் சேர்ந்த மடல்கள் ஒரு நாள் ஸ்பாமில் விழத் தொடங்கும்போதுதான் விஷயம் தெரியவரும்.

எஸ்பிஎஃப்பின் பெரிய குறை வேறு. அது பார்ப்பது உறைப் பெயரை மட்டும். மோசடிக்காரர் உறையில் தன் சொந்த ஆள்களத்தை எழுதி, அதற்கு ஒழுங்கான எஸ்பிஎஃப் பதிவும் வைத்திருந்தால் சோதனையில் தேறிவிடுவார். மடலுக்குள் யார் பெயரை எழுதினார் என்று அந்தச் சோதனை கேட்பதே இல்லை.

இரண்டாவது பதிவான டிகிம், அனுப்பிய கணினியை விட்டுவிட்டு மடலையே பிடித்துக்கொள்கிறது. யாஹூவின் ஒரு முறையும் சிஸ்கோவின் ஒரு முறையும் இணைந்து 2007இல் இது விதியானது. ஏஜென்டின் வழங்கி மடலை அனுப்பும்முன், மடலின் உடல் முழுவதற்கும் ஒரு சுருக்க எண்ணைக் கணக்கிடுகிறது. பின்னர் அந்த எண்ணையும் From, To, Subject, Date போன்ற தலைப்பு வரிகளையும் சேர்த்துத் தன்னிடமுள்ள இரகசியச் சாவியால் கையொப்பமிடுகிறது. அந்தக் கையொப்பம் மடலின் தலையிலேயே ஒரு வரியாகப் போய்ச் சேரும்:

```
DKIM-Signature: v=1; a=rsa-sha256; d=example.com; s=mail1;
  h=from:to:subject:date; bh=...; b=...
```

`d` என்பது கையொப்பமிட்ட ஆள்களம். `s` என்பது எந்தச் சாவி என்பதன் பெயர். பெறும் வழங்கி இவ்விரண்டையும் சேர்த்து `mail1._domainkey.example.com` என்ற முகவரியில் டிஎன்எஸ்ஸைக் கேட்கும். இரகசியச் சாவிக்கு இணையான பொதுச் சாவி அங்கே இருக்கும். அந்தச் சாவியால் கையொப்பம் சரிபார்க்கப்படும். உடலின் சுருக்க எண் மறுபடி கணக்கிடப்பட்டு `bh` என்ற எண்ணோடு ஒப்பிடப்படும். இன்வொய்ஸிலுள்ள வங்கிக் கணக்கில் ஒரே ஒரு இலக்கத்தை வழியில் யாராவது மாற்றியிருந்தாலும் இரண்டு எண்களும் ஒத்துப்போகாது. இணைப்பாக வரும் பிடிஎஃப் கோப்பும் மடலுடலின் பகுதிதான் என்பதால், வழக்கமான கையொப்பம் அதையும் காக்கும்.

சாவியின் நீளம் இங்கே உயிர்நாடி. 2011 டிசம்பரில் ஸக்கரி ஹாரிஸ் என்ற அமெரிக்கக் கணிதவியலாளருக்கு கூகுளிடமிருந்து ஒரு வேலை அழைப்பு மடல் வந்தது. அது உண்மையானதா என்று ஐயப்பட்டு அதன் தலைப்பு வரிகளைப் பார்த்தவர், கூகுள் வெறும் 512 பிட் சாவியால் கையொப்பமிடுவதைக் கண்டார். தன் ஆற்றலைச் சோதிக்க நிறுவனம் வைத்த பரீட்சையோ என்று எண்ணி அந்தச் சாவியை உடைத்தார். வாடகைக்கு எடுத்த கணினி நேரத்துக்கு இத்தகைய வேலையில் ஆகும் செலவு சுமார் 75 டொலர். பின்னர் கூகுளின் நிறுவனர்களுள் ஒருவர் மற்றவருக்கு எழுதியதுபோல ஒரு மடலை அனுப்பிவைத்தார். இரண்டு நாளில் கூகுள் தன் சாவியை 2048 பிட்டுக்கு மாற்றியது. இன்று 1024 பிட்டுக்குக் குறைந்த சாவிகளைப் பெரிய சேவைகள் ஏற்பதில்லை. 2048 பிட் என்பதே பரிந்துரை. அவ்வளவு நீளமான சாவி டிஎன்எஸ்ஸில் ஒரு துண்டுக்கு அனுமதிக்கப்படும் 255 எழுத்துக்குள் அடங்காது. அதை இரண்டு துண்டாகப் பிரித்து எழுத வேண்டும். அதைச் செய்யாமல் சாவி பாதியில் வெட்டுப்பட்டு நிற்பது, டிகிம் தேறாமல் போவதற்கு அடிக்கடி காணப்படும் காரணங்களில் ஒன்று.

டிகிமுக்கும் எஸ்பிஎஃப் போலவே ஒரு குறை உண்டு. கையொப்பமிட்ட ஆள்களம் எது என்பதை அது நிரூபிக்கும். அந்த ஆள்களம் திரையில் தெரியும் பெயரோடு பொருந்துகிறதா என்று கேட்காது. மோசடிக்காரர் தன் ஆள்களத்தின் சாவியால் முறையாகக் கையொப்பமிட்டு, ‘From’ வரியில் மட்டும் ஏஜென்டின் முகவரியை எழுதலாம். அப்போது இரண்டு சோதனைகளிலும் தேறிய ஒரு போலி மடல் கையில் இருக்கும்.

மூன்றாவது பதிவான டிமார்க் இந்தப் பொருத்தத்தைக் கேட்பதற்காகவே வந்தது. பேபால், யாஹூ, கூகுள், மைக்ரோசொஃப்ட் முதலிய நிறுவனங்கள் 2012 ஜனவரியில் இதை அறிவித்தன. 2015 மார்ச்சில் எழுத்து வடிவ விதி வெளியானது. பதிவு மிகச் சிறியது:

```
_dmarc.example.com. TXT "v=DMARC1; p=reject; rua=mailto:reports@example.com"
```

இதன் விதி இரண்டு பகுதிகளைக் கொண்டது. எஸ்பிஎஃப் அல்லது டிகிம், இரண்டில் ஒன்றாவது தேற வேண்டும். தேறிய ஆள்களம் ‘From’ வரியில் வாசகர் பார்க்கும் ஆள்களத்தோடு பொருந்தவும் வேண்டும். இரண்டும் நிறைவேறினால் டிமார்க் தேறும். இல்லாவிட்டால் `p` என்பதற்கு எதிரே எழுதியிருப்பது நடக்கும்: `none` என்றால் டிமார்க் பெயரில் எதுவும் செய்ய வேண்டாம், தகவல் மட்டும் தந்தால் போதும், `quarantine` என்றால் சந்தேகத்துக்குரியதாக ஒதுக்கிவை, `reject` என்றால் ஏற்காதே. மூன்று பதிவுகளிலும் கவனித்துப் படிக்க வேண்டியது இதுவே. முதலிரண்டும் சான்றுகளைத் திரட்டுகின்றன. அவற்றை வாசகரின் கண்ணுக்கு முன்னாலுள்ள பெயரோடு கட்டிப்போடுவது இது ஒன்றுதான்.

பொருந்துவது என்றால் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டுமென்பதில்லை. வழக்கமான தளர்ந்த முறையில், `mail.example.com` என்பதும் `example.com` என்பதும் ஒரே சொந்தக்காரருடையவை என்று கொள்ளப்படும். இலங்கைப் பெயர்களில் இதற்கு ஒரு நுட்பம் உண்டு. `.lk`க்குக் கீழே `com.lk`, `org.lk`, `gov.lk` போன்ற கிளைகள் இருக்கின்றன. கடைசி இரண்டு சொற்களை மட்டும் ஒப்பிட்டால், `com.lk`இல் முடியும் எல்லா நிறுவனங்களும் ஒரே நிறுவனம் ஆகிவிடும். கொட்டாஞ்சேனை ஏஜென்டின் ஆள்களமும் `com.lk`இல் இருந்தால், அவர் பெயரில் எந்த `com.lk` சொந்தக்காரரும் மடல் எழுதலாம் என்றாகும். இதைத் தவிர்க்க, எந்தப் பின்னொட்டுகளின்கீழ் பொதுமக்கள் பெயர் பதியலாம் என்ற உலகப் பொதுப் பட்டியல் ஒன்றை வழங்கிகள் பார்க்கின்றன. மொஸில்லாவின் முயற்சியால் பேணப்படும் அந்தப் பட்டியலில் இலங்கையின் கிளைகளும் இருப்பதால், `example.com.lk` என்பதில் மூன்று சொற்களும் சேர்ந்தே ஒரு சொந்தக்காரரின் பெயராகக் கொள்ளப்படும்.

இனி புடவைக் கடையின் வழங்கிக்கு வந்து சேரும் மடல்களைப் பார்க்கலாம். ஏஜென்ட் தன் அலுவலக வழங்கியிலிருந்து அனுப்பிய உண்மையான இன்வொய்ஸ் 192.0.2.25 என்ற எண்ணிலிருந்து வருகிறது. எஸ்பிஎஃப் தேறும், கையொப்பமும் சரியாக இருக்கும், மூன்று பெயர்களும் ஒன்று. அது பெட்டிக்குள் போகும். முரட்டுத்தனமான போலி ஒன்று 203.0.113.77 என்ற எண்ணிலிருந்து, உறையிலும் உள்ளேயும் ஏஜென்டின் பெயரையே போட்டு வருகிறது. எண் பட்டியலில் இல்லை, கையொப்பமும் இல்லை, ஆகவே எதுவும் தேறாது. இந்த வகையைப் பிடிப்பது எளிது.

கெட்டிக்காரத்தனமான போலிதான் கூர்ந்து பார்க்க வேண்டியது. உறையில் மோசடிக்காரரின் சொந்த ஆள்களமான `example.org`, உள்ளே ஏஜென்டின் முகவரி, ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிக் கீழுள்ள கணக்குக்குப் போடவும்’ என்ற ஒரு வரி. பெறும் வழங்கி தன் தீர்ப்பை மடலின் தலைப்பு வரிகளில் இப்படி எழுதிவைக்கும்:

```
Authentication-Results: mx.example.net;
  spf=pass smtp.mailfrom=example.org;
  dkim=pass header.d=example.org;
  dmarc=fail header.from=example.com
```

இரண்டு `pass`களைக் கண்டு மடல் நல்லது என்று முடிவு செய்வது பெரும் தவறு. ஒவ்வொரு `pass`க்கும் பக்கத்தில் எந்தப் பெயர் தேறியது என்று எழுதியிருக்கிறது. தேறியது `example.org`, வாசகர் பார்ப்பது `example.com`. ஜிமெயிலில் ‘Show original’ என்பதைத் தெரிவு செய்தால் இந்த வரிகளைக் காணலாம். பணம் போடும் முன் அந்தப் பெயர்களை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

ஏஜென்டின் பதிவு `p=reject` என்று இருந்தால், இந்த மடல் கடைக்காரரின் கண்ணில் படவே படாது. மடலின் உள்ளடக்கம் முழுவதையும் வாங்கிய பின், ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் வழங்கி `550` எனத் தொடங்கும் மறுப்பைச் சொல்லும். ஜிமெயில் `550-5.7.26` என்ற எண்ணோடு காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறது. மறுப்பு உரையாடலுக்குள்ளேயே நடப்பதில் ஒரு நன்மை உண்டு. முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு திருப்பி அனுப்பும் வழங்கிகளிலிருந்து, உறையில் பெயர் திருடப்பட்ட அப்பாவியின் பெட்டிக்குத்தான் திரும்பிய மடல்கள் வந்து குவியும். உடனடி மறுப்பு, பேசிக்கொண்டிருக்கும் மோசடிக்காரரின் கணினிக்கே போகிறது.

பதிவு `quarantine` என்று இருந்தால் போலி ஸ்பாம் பகுதியில் கிடக்கும். `none` என்று இருந்தால் அது கடையின் சொந்த ஸ்பாம் வடிகட்டியின் கையில், பெட்டிக்குள்ளும் போகலாம். ஆள்களச் சொந்தக்காரர் எழுதிவைப்பது கோரிக்கை மட்டுமே, இறுதி முடிவு பெறுபவருடையது என்பதையும் சொல்ல வேண்டும். டிமார்க் தேறிய மடலையும் ஒரு வழங்கி விளம்பரக் குப்பை என்று ஒதுக்கலாம். தேறாத மடலையும் நம்பத்தக்க வழியில் வந்தது என்று ஏற்கலாம்.

அப்படியானால் எல்லோரும் முதல் நாளே `p=reject` என்று எழுதிவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தவர்கள் பலர் தம் சொந்த மடல்களையே இழந்திருக்கிறார்கள். ஏஜென்ட் மாதக் கணக்குகளை இணையக் கணக்கியல் சேவை ஒன்றின் வழியாக அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சேவை உறையில் தன் பெயரையும், கையொப்பத்தில் தன் ஆள்களத்தையும், ‘From’ வரியில் ஏஜென்டின் பெயரையும் வைத்து அனுப்பும். பெறும் வழங்கியின் பார்வையில் இதற்கும் மேலே கண்ட கெட்டிக்காரப் போலிக்கும் எந்த வேறுபாடும் இல்லை. நல்ல நோக்கமும் கெட்ட நோக்கமும் டிஎன்எஸ்ஸுக்குத் தெரியாது.

இதற்காகத்தான் பதிவில் `rua` என்ற பகுதி இருக்கிறது. கூகுள், யாஹூ போன்ற பெரிய பெறுநர்கள் வழக்கமாக நாளுக்கு ஒரு தடவை அந்த முகவரிக்கு ஒரு எக்ஸ்எம்எல் கோப்பை அனுப்புவார்கள். உங்கள் பெயரில் இன்ன ஐபி எண்ணிலிருந்து இத்தனை மடல்கள் வந்தன, அவை தேறினவா இல்லையா என்ற கணக்கு அதில் இருக்கும்; மடலின் உள்ளடக்கம் இருக்காது. ஏஜென்ட் `p=none` என்று தொடங்கிச் சில வாரங்கள் இந்த அறிக்கைகளைப் படித்தால் மூன்று வகை எண்கள் தென்படும்: தன் வழங்கி, தான் மறந்துபோன கணக்கியல் சேவை, தனக்குத் தொடர்பே இல்லாத எண்கள். இரண்டாவது வகைக்குத் தீர்வு, அந்தச் சேவை `d=example.com` என்று கையொப்பமிடும்படி அதன் பொதுச் சாவியை ஏஜென்ட் தன் டிஎன்எஸ்ஸில் சேர்ப்பது. உண்மையான மடல்கள் எல்லாம் தேறுகின்றன என்று அறிக்கைகள் காட்டிய பிறகு `quarantine`, அதன் பிறகு `reject` என்று ஏறுவதுதான் முறை.

வருத்தமான உண்மை என்னவென்றால், பலர் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். `p=none` எழுதிவிட்டு ‘டிமார்க் வைத்துவிட்டோம்’ என்று ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுவது, கதவுக்குப் பூட்டு வாங்கிப் பூட்டாமல் வைப்பதைவிட மேலானதல்ல. 2024 மேயில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைப்புகள் வெளியிட்ட எச்சரிக்கை ஒன்று, வட கொரியாவின் கிம்சுகி என்ற குழு இவ்வாறு தளர்வாக விடப்பட்ட டிமார்க் பதிவுகளைப் பார்த்துத்தான் பிற நிறுவனங்களின் பெயரில் மடல் எழுதுகிறது என்று குறிப்பிட்டது.

உண்மையான மடல் தேறாமல் போகும் இன்னொரு வழி, முன்னனுப்பல். கடைக்காரர் தன் கடை முகவரிக்கு வருவதையெல்லாம் தானாகவே தன் ஜிமெயிலுக்குப் போகும்படி அமைத்திருக்கலாம். அப்போது ஜிமெயிலோடு பேசுவது ஏஜென்டின் வழங்கி அல்ல, கடையின் வழங்கி; உறைப் பெயர் மாற்றப்படாவிட்டால் எஸ்பிஎஃப் உடையும். மடலின் எழுத்து மாறாதவரை டிகிம் கையொப்பம் தாங்கும். இரண்டில் ஒன்று போதும் என்பதால் டிமார்க் தேறிவிடும். எஸ்பிஎஃப் மட்டும் போதும் என்று இருந்துவிட்டவர்களின் மடல்கள் தொலைவது இங்கேதான். வழியில் ‘வெளியிலிருந்து வந்தது’ என்ற எச்சரிக்கை வரியை உடலில் சேர்க்கும் வழங்கிகள் கையொப்பத்தையும் உடைத்துவிடும். 2014 ஏப்ரலில் யாஹூ தன் ஆள்களத்துக்கு `reject` என்று அறிவித்தபோது, மடல்களின் தலைப்பையும் அடியையும் மாற்றிப் பலருக்கு அனுப்பும் குழுமங்களில் யாஹூ பயனர்களின் கடிதங்கள் உலகெங்கும் மறுக்கப்பட்டன.

நீண்ட காலம் இவையெல்லாம் விரும்பினால் செய்யலாம் என்ற நிலையிலேயே இருந்தன. 2024 பெப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும், பெருந்தொகையாக மடல் அனுப்புவோர் மூன்று பதிவுகளையும் வைத்திருக்க வேண்டும் என்று விதித்தன. கூகுளின் அளவில், தனிப்பட்ட ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் ஐயாயிரம் அளவில் மடல் அனுப்புபவர் பெருந்தொகையாளர். சிறிய அனுப்புநருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம், இரண்டில் ஒன்று வேண்டும். கொட்டாஞ்சேனை ஏஜென்ட் நாளுக்கு முப்பது மடல் அனுப்பினாலும் இந்த இரண்டாவது விதி அவரையும் தொடுகிறது.

இந்தச் சோதனைகள் நிரூபிப்பது ஆள்களத்தின் பெயரை மட்டும். எழுதியவரின் நேர்மையை அல்ல. கொழும்பை நேரடியாகத் தொட்ட ஒரு பெரும் கொள்ளை இதற்குச் சான்று. 2016 பெப்ரவரி 4ஆம் திகதி, பங்களாதேஷ் மத்திய வங்கி நியூயோர்க்கில் வைத்திருந்த கணக்கிலிருந்து போலிக் கட்டளைகள் மூலம் பணம் வெளியேறத் தொடங்கியது. அதில் 20 மில்லியன் டொலர், கொழும்பில் பான் ஏசியா வங்கியிலிருந்த ஷலிகா ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் கணக்கை நோக்கி வந்தது. பெறுநர் பெயர் `Fandation` என்று பிழையாக எழுதப்பட்டிருந்ததால் சந்தேகம் எழுந்து அந்தத் தொகை நிறுத்தப்பட்டு மீட்கப்பட்டது. பிலிப்பைன்ஸுக்குப் போன 81 மில்லியனில் பெரும்பகுதி மீளவில்லை. அமெரிக்க நீதித் திணைக்களம் 2018இல் வெளியிட்ட குற்ற முறைப்பாட்டின்படி, கொள்ளைக்கு முந்தைய ஆண்டில் வேலை தேடுபவர் போல எழுதப்பட்டு வங்கி ஊழியர்களுக்கு அனுப்பப்பட்ட மடல்கள் ஜிமெயில் கணக்குகளிலிருந்து வந்தவை. ஜிமெயிலிலிருந்து உண்மையாகவே அனுப்பப்படும் மடல் `gmail.com` என்ற பெயருக்கு மூன்று சோதனையிலும் தேறும். அதில் திருடப்பட்ட ஆள்களம் எதுவும் இல்லை.

ஏஜென்டின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் புதிய ஆள்களம் பதிந்து, அதற்கு மூன்று பதிவுகளையும் ஒழுங்காக எழுதி அனுப்பும் மோசடியும் இதே வகை. ஏஜென்டின் கடவுச்சொல்லையே திருடி, அவருடைய உண்மையான பெட்டியிலிருந்து ‘கணக்கு மாறிவிட்டது’ என்று எழுதுவது அதைவிடக் கொடியது; அந்த மடலில் பதிவுகள் எல்லாம் பச்சைக்கொடி காட்டும். வங்கிக் கணக்கு மாற்றம் பற்றிய எந்த மடலுக்கும், ஏற்கெனவே தெரிந்த தொலைபேசி எண்ணில் அழைத்துக் கேட்பதைத் தவிர வேறு சோதனை இல்லை.

மூன்று பதிவுகளும் நம்பியிருப்பது டிஎன்எஸ்ஸை. அதுவே கைமாறினால் என்ன ஆகும் என்பதற்கும் இலங்கையில் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 2021 பெப்ரவரி 6ஆம் திகதி `google.lk` உட்படச் சில `.lk` பெயர்களின் டிஎன்எஸ் பதிவுகள் மாற்றப்பட்டன. அந்த முகவரிகளுக்குப் போனவர்கள் நாட்டின் சமூகப் பிரச்சினைகள் பற்றிய ஒரு பக்கத்துக்குத் திருப்பப்பட்டார்கள். கண்ணுக்குத் தெரிந்தது இணையத்தள மாற்றம்தான். ஆனால் ஒரு பெயரின் பதிவுகளை அப்படி மாற்றக்கூடியவர், எஸ்பிஎஃப் பட்டியலில் தன் ஐபி எண்ணைச் சேர்க்கலாம். டிகிம் முகவரியில் தன் பொதுச் சாவியை வைக்கலாம். டிமார்க்கை `none` என்று தளர்த்தலாம். பெறும் வழங்கிகள் அவற்றை உண்மையான சொந்தக்காரரின் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும். பதிவுகள் திருத்தப்பட்ட பின்னும், ஒவ்வொரு பதிவிலும் குறிக்கப்பட்டிருக்கும் நினைவு நேரம் முடியும்வரை பழைய பொய்ப் பதிவு உலகின் வழங்கிகளில் தங்கியிருக்கும். அது ஒரு மணி நேரமாகவோ ஒரு நாளாகவோ இருக்கலாம். ஆகவே, ஆள்களம் பதிந்த கணக்குக்கு இரண்டாம் அடுக்குப் பாதுகாப்பு வைப்பதும், அந்தக் கணக்கின் தொடர்பு மின்னஞ்சலை அதே ஆள்களத்தில் அல்லாமல் வேறோர் இடத்தில் வைப்பதும், பதிவுகளை மாதம் ஒரு முறையாவது வெளியிலிருந்து கேட்டுப் பார்ப்பதும் அனுப்புநர் சரிபார்ப்பின் பகுதிகளே. கேட்பதற்கு ஒரு வரி போதும்:

```
dig +short TXT _dmarc.example.com
```